நிழலை எங்கே நிறுத்துவது

ஒன்றரை மி.மீ. தகட்டில் வெட்டி எடுத்த ஒரு சின்ன பாவல், ராட்செட் என்ற பல்சக்கரம் பின்னோக்கிச் சுழலாமல் பிடிக்கும் கொக்கி. முழு நீளம் 12 மி.மீ. ஒரு முனையருகே 3 மி.மீ. துளை, மறுமுனையில் ராட்செட் பல்லுக்குள் போய் விழும் மூக்கு. துளையில் ஒரு பின் நுழையும். பாவல் அந்தப் பின்னைச் சுற்றி ஆடும். அடிப்பக்கம் மட்டும்தான் நேர்கோடு. மற்றதெல்லாம் வளைவும், வளைவோடு வளைவு சேரும் இடமும். வெர்னியரின் தாடையை எங்கே வைத்து அளப்பது? வைக்க இடமே இல்லை. நீளத்தை அளக்கலாம், அவ்வளவுதான்.

இந்த மாதிரித் துண்டுகளுக்குத்தான் புரொஃபைல் புரொஜெக்டர். புத்தகத்தில் ஆப்டிகல் கம்பேரட்டர் என்று போட்டிருக்கும். கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் புரொஜெக்டர் என்றால் போதும், சினிமா என்று யாரும் நினைக்க மாட்டார்கள். துண்டின் பின்னாலிருந்து இணையான ஒளி வருகிறது, லென்ஸ் அதன் நிழலைப் பெரிதாக்குகிறது, கண்ணாடித் திரையில் அது விழுகிறது. திரையில் ஏற்ற இறக்க எல்லைகளை வரைந்த ஓவர்லேயை, அதாவது சார்ட்டை, மாட்டி, நிழல் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறோம். முதல் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஜோன்ஸ் அண்ட் லாம்சன் ஆலையில், ஜேம்ஸ் ஹார்ட்னெஸ்ஸும் ரஸ்ஸல் போர்ட்டரும் திருகு மரைகளைச் சோதிக்க உருவாக்கிய கருவி இது. ஹார்ட்னெஸ் பிறகு 1921 முதல் 1923 வரை அந்த மாநிலத்தின் ஆளுநராக இருந்தார். போர்ட்டர் தொலைநோக்கி செய்யும் பித்துப் பிடித்தவர். விண்மீன் பார்க்கும் ஆசை ஒரு பட்டறைக் கருவிக்குள் வந்து உட்கார்ந்த கதை அது. தனியாகவே எழுதலாம்.

நம் பாவலுக்கு வருவோம். வரைபடத்தில் அதன் வெளிவடிவத்துக்கு 0.1 மி.மீ. புரொஃபைல் டாலரன்ஸ். சரியான கோட்டுக்கு வெளியே 0.05, உள்ளே 0.05 போகலாம். 20 மடங்கு லென்ஸ் போட்டால் அந்த 0.05 திரையில் 1 மி.மீ. ஆகிறது. அதாவது சரியான வடிவத்துக்கு வெளியே 1 மி.மீ. தள்ளி ஒரு கோடு, உள்ளே 1 மி.மீ. தள்ளி இன்னொரு கோடு. நடுவில் 2 மி.மீ. அகலப் பாதை. நிழலின் விளிம்பு அந்தப் பாதைக்குள்ளேயே ஒரு சுற்று வர வேண்டும். துண்டின் 12 மி.மீ. திரையில் 240 மி.மீ.; 300 மி.மீ. திரையில் அடங்கிவிடும். 50 மடங்கு போட்டால் பாதை 5 மி.மீ. அகலமாகும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் 6 மி.மீ. பரப்புதான் திரையில் தெரியும். பாதிப் பாவலைப் பார்த்து முழுப் பாவலுக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இரண்டு கோடுகளையும் ஒரே மாதிரி பார்க்காதே என்பதுதான். நிழல் கறுப்பு, கோடும் கறுப்பு. உள்கோடு நிழலுக்குள் மூழ்கிவிடும்; அறை விளக்கை அணைத்துத் துணித்திரையை இழுத்துவிட்டால் அது தெரியவே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் நல்லது. எங்காவது உள்கோடு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தால் அந்த இடத்தில் உலோகம் குறைவு. வெளிக்கோடு இதற்கு நேர்மாறு: அது சுற்றிலும் முழுசாகத் தெரிய வேண்டும், நிழல் அதை விழுங்கிய இடத்தில் உலோகம் கூடுதல். ஆக, உள்கோடு முழுசாக மறைந்து, வெளிக்கோடு முழுசாகத் தெரிந்தால் துண்டு சரி. இடைவெளியை மனதுக்குள் அளந்துகொண்டே சுற்றி வருவதைவிட இது கண்ணுக்கு எளிது, தவறும் குறைவு.

கோட்டுக்கும் ஒரு தடிமன் உண்டு. 0.2 மி.மீ. தடிமனில் வரைந்தால் துண்டின் கணக்கில் அது 0.01 மி.மீ. எல்லை என்பது அந்தக் கோட்டின் எந்த விளிம்பு என்று முதலிலேயே பேசி வைக்காவிட்டால், நீங்கள் ஒதுக்கியதை அடுத்த ஷிஃப்ட்காரர் பாஸ் செய்வார். எங்கள் சார்ட்டுகளில் பாதையைப் பார்த்த விளிம்புதான் எல்லை. நிழல் வெளிக்கோட்டைத் தொட்டாலே வெளியே.

சார்ட்டைச் சாதாரணத் தாளில் அச்சடிக்கக் கூடாது. மழைக்காலத்தில் ஒரு நீளம், கோடையில் ஒரு நீளம் காட்டும். பாலியெஸ்டர் ஃபிலிம்தான் சரி. அதிலும் பிரின்டர் ஒரு திசையில் சரியாகவும் மறு திசையில் அரை மி.மீ. நீட்டியும் அடிப்பது சகஜம். அதனால் சார்ட்டின் மூலையிலேயே 200 மி.மீ. கோடு ஒன்றைக் கிடையாகவும் ஒன்றை நெடுக்காகவும் வரைந்து வைப்பது நல்லது. அச்சானதும் ஸ்டீல் ஸ்கேலை வைத்து இரண்டையும் பார்த்துவிடலாம். அச்சான பக்கம் திரைக் கண்ணாடியைத் தொட வேண்டும். மாறி மாட்டினால் ஃபிலிமின் தடிமன் அளவுக்குக் கோடு நிழலிலிருந்து விலகி நிற்கும். தலையை அசைக்க அசைக்க நிழலும் அசைவது போலத் தெரியும்.

பாவலை மேடைக் கண்ணாடியில் வைப்பதற்கு முன் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். சும்மா சுத்தத்துக்காகச் சொல்லவில்லை. 0.1 மி.மீ. தூசி ஒன்று பாவலின் ஒரு முனையின் அடியில் சிக்கினால், 12 மி.மீ. நீளத்துக்கு அது சிறிய சாய்வு. ஆனால் தகடு 1.5 மி.மீ. தடிமன் ஆயிற்றே, சாய்ந்த பக்கச் சுவர் நிழலில் சுமார் 0.012 மி.மீ. கூடுதலாக விழும். திரையில் அது கால் மி.மீ. பாதையின் ஒரு பக்கத்தில் கால் பங்கைத் தூசி தின்றுவிடுகிறது. பிசிறும் இப்படித்தான். நிழலின் ஓரத்தில் மயிர் மயிராக நீட்டிக்கொண்டிருப்பது உலோக வடிவம் இல்லை, பிசிறு. அதை எடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பிசிறோடு வைத்துப் பார்த்து, இதை ஒதுக்கலாமா வேண்டாமா என்று வாதாடுவதில் ஒரு பகல் போய்விடும்.

இனி இந்த வேலையின் நடுப்பகுதி: நிழலை சார்ட்டின் மேல் எங்கே நிறுத்துவது?

பெரும்பாலானவர்கள் செய்வது இது. மேடையின் கைப்பிடிகளை இப்படியும் அப்படியும் திருப்பி, நிழல் பாதைக்குள் உட்காரும்வரை நகர்த்துவார்கள். உட்கார்ந்ததும் ஓகே. இதில் சோதிப்பது வடிவத்தை மட்டும். வரைபடத்தில் புரொஃபைல் டாலரன்ஸ் கட்டத்துக்குள், எங்கிருந்து அளப்பது என்று காட்டும் டேட்டம் எழுத்து எதுவும் இல்லை என்றால் இதுவே சரியான முறை. வடிவம் எங்கே வேண்டுமானாலும் மிதக்கலாம் என்று வரைபடமே அனுமதிக்கிறது. நம் பாவலின் வரைபடத்தில் அப்படி இல்லை. துளையின் மையம் முதல் டேட்டம், நேரான அடிப்பக்கம் இரண்டாவது. பாவல் துளையைச் சுற்றித்தான் ஆடப்போகிறது. ஆகவே துளையிலிருந்து மூக்கு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. துளையை முதலில் நிறுத்தி, அடிப்பக்கத்தைக் கோணத்துக்கு மட்டும் ஒத்துவைத்து, அதன்பின் கைப்பிடியைத் தொடாமல் வெளிவடிவத்தைப் பார்க்க வேண்டும்.

சொல்வது எளிது. துளையின் நிழல் திரையில் 60 மி.மீ. வட்டம். சார்ட்டில் அதே மையத்தில் ஒரு வட்டம் வரைந்து, சுற்றிலும் இடைவெளி ஒன்றுபோல் இருக்கும்படி நிறுத்தலாம். அந்த வட்டம் மையம் பிடிக்க மட்டும். துளையின் அளவு எச்8, அதாவது 3.000 முதல் 3.014 வரை. 14 மைக்ரான் என்பது 20 மடங்கில் 0.28 மி.மீ., ஏறக்குறைய ஒரு கோட்டுத் தடிமன். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. துளைக்குள் நுழைத்துப் பார்க்கும் ப்ளக் கேஜ்தான் அதற்கு.

தொல்லை கோணத்தைப் பிடிப்பதில் இருக்கிறது. துளைக்கும் மூக்கு நுனிக்கும் 9 மி.மீ.; துளைக்கும் வால் விளிம்புக்கும் 3 மி.மீ. 300 மி.மீ. திரையில் முழு உருவமும் அடங்க வேண்டும் என்றால் துளையைத் திரையின் மையத்தில் வைக்க முடியாது, 60 மி.மீ. தள்ளித்தான் வைக்க வேண்டும். ஆனால் சார்ட் திரையின் மையத்தைச் சுற்றித்தான் திரும்பும். அடிப்பக்கத்தை ஒத்துவைக்கத் திரையை ஒரு டிகிரி திருப்பினால் சார்ட்டில் இருக்கும் துளை வட்டம் 1 மி.மீ.க்கும் சற்று அதிகமாக நகர்ந்துவிடும். அது ஒரு பக்கத்து டாலரன்ஸ் முழுவதும்! எனவே திருப்பிய பிறகு மறுபடி துளைக்கு வர வேண்டும், பிறகு கோணத்தை மறுபடி பார்க்க வேண்டும். இரண்டாவது சுற்றில் திருத்தம் நூலளவுதான் இருக்கும். அவசரத்தில் இந்த இரண்டாவது சுற்றை விட்டவர்களின் ரிப்போர்ட்டில் நல்ல துண்டுகளும் ஒதுங்கிக் கிடக்கும்.

இந்த நிறுத்தும் முறை எவ்வளவு வித்தியாசத்தைத் தரும் என்பதற்கு எங்கள் பிரஸ் ஷாப்பில் வந்த ஒரு லாட்டைச் சொல்கிறேன். பிரஸ் ஃபோர்மேன் அனுபவசாலி. துண்டைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார்.

"லெங்த் பன்னெண்டு வருது, ப்ளக் போகுது. இன்னும் என்னம்மா பாக்கறே?"

"மூக்கு வெளிய போகுதுங்கண்ணா."

அவர் கைப்பிடியைப் பிடித்து நிழலை லேசாகத் தள்ளினார். "இந்தா, உள்ள உக்காந்துருச்சு பாரு."

உண்மைதான், உட்கார்ந்துவிட்டது. உள்கோடு எங்கும் தெரியவில்லை, வெளிக்கோடு முழுசாகத் தெரிந்தது. "துளையைப் பாருங்கண்ணா" என்றேன். துளையின் நிழல் அதன் வட்டத்திலிருந்து ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது.

துளையை மறுபடி வட்டத்தில் நிறுத்தியபோது திரையில் தெரிந்தது இது: மூக்கில் நிழல் வெளிக்கோட்டை விழுங்கி 0.6 மி.மீ. அப்பால் போயிருந்தது. வாலில் உள்கோடு வெளிச்சத்தில் தெரிந்தது, அங்கேயும் அதே 0.6 மி.மீ. மேல்பக்கமும் அடிப்பக்கமும் மட்டும் பாதையின் நடுவே சமர்த்தாக இருந்தன. ஒரு முனையில் கூடுதல், எதிர்முனையில் அதே அளவு குறைவு, பக்கங்களில் ஒன்றுமில்லை. வடிவம் கெட்டிருந்தால் இப்படி ஒத்துப்போகாது. வடிவம் முழுசாகத் துளையை விட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். 1 மி.மீ. எல்லையும் அதற்கு மேல் 0.6-உம் சேர்ந்து திரையில் 1.6 மி.மீ.; துண்டில் 0.08 மி.மீ.

ஓவர்லே சொன்னதை, மேடை நகர்ந்த தூரத்தை எண்ணாகக் காட்டும் டி.ஆர்.ஓ.வில் சரிபார்த்தோம். துளையின் இடது விளிம்பைக் குறுக்குக் கம்பியில் நிறுத்தி எண்ணைப் பூஜ்யமாக்கினால் வலது விளிம்பு 3.006. மையம் 1.503. மூக்கு நுனி 10.583. கழித்தால் 9.080, இருக்க வேண்டியது 9. வால் விளிம்பு மைனஸ் 1.417, மையத்திலிருந்து 2.920, இருக்க வேண்டியது 3. இரண்டையும் கூட்டினால் மிகச் சரியாக 12.000. வெர்னியர் பொய் சொல்லவில்லை. ப்ளக் கேஜும் பொய் சொல்லவில்லை. துளையும் சரி, வெளிவடிவமும் சரி, ஒன்றுக்கொன்று இருக்கும் இடம்தான் தப்பு.

இப்படி நகர்ந்தால், தகட்டை வெட்டும் டையில் எங்கே பார்ப்பது என்பதும் தெரிந்துவிடுகிறது. இது புரோக்ரஸிவ் டை. முதல் நிலையில் துளை குத்தி, பட்டை முன்னேறி, பின்னொரு நிலையில் வெளிவடிவம் வெட்டுப்படுகிறது. பட்டையைச் சரியான இடத்தில் பிடித்து நிறுத்துவது அந்தத் துளைக்குள் இறங்கும் பைலட் பின். பாவலின் நீளம் பட்டை நகரும் திசையிலேயே படுத்திருந்தது, பிழையும் அதே திசையில். அடுத்தடுத்து விழுந்த துண்டுகளை எடுத்துப் பார்த்ததில் நகர்வு ஒரே அளவாக இல்லை, 0.02-லிருந்து 0.08 வரை, ஆனால் எப்போதும் ஒரே பக்கம். ஒரே அளவாக இருந்திருந்தால் நிலைகளுக்கு இடையிலான தூரமே தப்பு என்று சந்தேகப்பட்டிருக்கலாம். இது ஆடுகிறது, அப்படியானால் பிடி தளர்ந்திருக்கிறது. பைலட்டைக் கழற்றி மைக்ரோமீட்டரில் பார்த்தபோது 2.98 இருக்க வேண்டிய இடத்தில் 2.84. 3.006 துளைக்குள் அது ஒரு பக்கமாக 0.083 வரை ஒதுங்க முடியும். பட்டையை முன்னேற்றும் ஃபீடர் சற்று அதிகமாகத் தள்ளிக்கொண்டிருந்ததால் எப்போதும் அதே பக்கமாக ஒதுங்கியது. ஃபோர்மேன் ஒன்றும் பேசாமல் பைலட்டை எடுத்துக்கொண்டு டூல் ரூமுக்குப் போனார்.

நிழல் விலகும் விதம் எப்போதும் இதே கதையைச் சொல்வதில்லை. சுற்றிலும் ஒரே அளவு வெளியே தள்ளி நின்றால், தேய்ந்து பெரிதாகிவிட்ட டை ஒரு காரணம். சரியாகப் பிடிக்காத ஃபோகஸ் இன்னொரு காரணம். ஃபோகஸை லேசாகத் திருப்பும்போது விளிம்பு உள்ளே வந்தால் அது டை இல்லை. துளையருகே ஒன்றுமில்லாமல், துளையிலிருந்து தூரம் போகப் போகப் பிழை வளர்ந்தால் உருப்பெருக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும்: லென்ஸ் 20 மடங்கு காட்டவில்லை, அல்லது சார்ட் 20 மடங்கில் அச்சாகவில்லை. மேடையில் கண்ணாடி ஸ்கேலை வைத்து அதன் 10 மி.மீ. திரையில் 200 மி.மீ. வருகிறதா என்று பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

நல்ல புரொஜெக்டரிலும் உருப்பெருக்கத்தில் 0.1 சதவீதப் பிழை வழக்கமாக ஏற்றுக்கொள்ளப்படுவதுதான். துளையிலிருந்து மூக்கு திரையில் 180 மி.மீ. தூரம், அதில் 0.18 மி.மீ. பிழை வரலாம். துண்டின் கணக்கில் 0.009. கண்ணின் தடுமாற்றமும் கோட்டின் தடிமனும் சேர்ந்தால் எல்லையருகே நிற்கும் நிழலை நம்ப முடியாது. அதனால் எல்லையிலிருந்து 0.3 மி.மீ.க்குள் நிழல் வந்துவிட்டால் ஓவர்லேயில் தீர்ப்பு சொல்வதில்லை, டி.ஆர்.ஓ.வுக்குப் போய்விடுகிறோம். அங்கே விளிம்புகள் ஒவ்வொன்றையும் திரையின் அதே புள்ளிக்குக் கொண்டுவந்து, மேடை நகர்ந்த தூரத்தைத்தான் படிக்கிறோம். உருப்பெருக்கம் 20 ஆனாலும் 20.02 ஆனாலும் அந்த எண் மாறாது. ஆனால் அது புள்ளி புள்ளியாகப் பார்ப்பது. வளைவு முழுவதையும் ஒரே பார்வையில் காட்டுவது ஓவர்லேதான். மூக்கு வளைவில் டை சில்லு பெயர்ந்து விழுந்த சின்ன மேட்டை டி.ஆர்.ஓ. பிடிக்காது, அதன் மேல் நீங்கள் குறுக்குக் கம்பியை வைத்தால்தான் உண்டு.

இரண்டுக்குமே அகப்படாத ஒன்று இருக்கிறது. பஞ்ச் வெட்டிய தகட்டின் விளிம்பு செங்குத்தான சுவர் இல்லை. தடிமனில் ஒரு பகுதி மட்டும் வழவழப்பாக வெட்டுப்பட்டிருக்கும். மீதி உலோகம் பிய்ந்து, உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். பஞ்சுக்கும் டைக்கும் ஒரு பக்கத்துக்குத் தடிமனில் 5 முதல் 10 சதவீதம் வரை இடைவெளி விடுவது வழக்கம். ஒன்றரை மி.மீ. தகட்டுக்கு 7 சதவீதம் என்றால் சுமார் 0.1 மி.மீ. ஏறக்குறைய அந்த அளவுக்குச் சுவர் உள்ளே சாயலாம். நம் மொத்த டாலரன்ஸே 0.1 மி.மீ.தான். மேலிருந்து பார்க்கும் நிழல் வெளியே அதிகம் நீட்டிய வழவழப்புப் பகுதியை மட்டுமே காட்டும். சாய்ந்த பகுதி அதன் மறைவில் நிற்கும். சார்ட்டில் அட்டகாசமாகப் பாஸ் ஆன பாவல், ராட்செட் பல்லைத் தன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

அதைப் பார்க்க வேண்டும் என்றால் பாவலைச் சின்ன வைஸில் பக்கவாட்டில் நிறுத்தி, மூக்கின் தடிமன் நிழலாக விழும்படி வைக்க வேண்டும். ஒன்றரை மி.மீ. திரையில் 30 மி.மீ. உயரமாகத் தெரியும், வழவழப்பு எங்கே முடிகிறது, சாய்வு எங்கே தொடங்குகிறது என்று படி மாதிரி தெரியும். இந்தப் பார்வைக்கு எங்கள் வாடிக்கையாளரின் வரைபடத்தில் எல்லை எதுவும் கொடுக்கவில்லை. கேட்டு எழுதியதில், வெட்டு விளிம்பில் வழவழப்புப் பகுதி குறைந்தது பாதித் தடிமனாவது இருக்க வேண்டும் என்று அடுத்த திருத்தத்தில் ஒரு குறிப்பு சேர்த்து அனுப்பினார்கள். டையின் இடைவெளியைக் குறைக்காமல் அது வராது. டூல் ரூமில் அந்தப் பேச்சு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.